நான்கு வரிக்குள் ஓர் எழுத்தாளர்

சங்கத் தொகை நூல்களில் ஆலங்குடி வங்கனார் என்றொரு புலவர் இருக்கிறார். அவர் பாடியனவாக நமக்குக் கிடைப்பவை ஏழே பாடல்கள். குறுந்தொகையில் இரண்டு, நற்றிணையில் மூன்று, அகநானூற்றில் ஒன்று, புறநானூற்றில் ஒன்று. அவருடைய தந்தை யார், என்ன தொழில் செய்தார், எந்த அரசனிடம் பரிசு பெற்றார் என்பன போன்ற செய்திகள் எவையும் இல்லை. ஊரும் பெயரும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. தமிழில் எழுத்தாளரைப் பற்றிய மிகச் சுருக்கமான குறிப்பு இதுதான் என்று சொல்லலாம்: இரண்டே சொற்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களாகிய நாம் அந்தப் பெயரைக் கேட்டவுடன் நெஞ்சு நிமிர்த்துவது இயல்பே. ஆனால் திருவாரூர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. இதே பெயரில் வேறு சிற்றூர்களும் உண்டு. வங்கனார் எந்த ஆலங்குடியைச் சேர்ந்தவர் என்பதை அந்த இரண்டு சொற்கள் சொல்லவில்லை. பாடல்களைத் திறந்தால் வயலும் பொய்கையும் வாளைமீனும் மாமரமும் வருகின்றன. அப்படியானால் காவிரிப் பாசன ஊர்க்காரர்தாம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அதுவும் பொருந்தாது. அவருடைய அகப்பாடல்கள் ஆறும் மருதத் திணையைச் சேர்ந்தவை. மருதம் பாடுகிறவர் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் வயலையும் பொய்கையையும் பாடவே செய்வார். பாடுபொருளிலிருந்து பாடியவரின் ஊரையும் வாழ்க்கையையும் உருவி எடுக்க முயல்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே.

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று இலக்கிய விழாக்களும் புத்தகத் திருவிழாக்களும் மாவட்டந்தோறும் நடக்கின்றன. அவற்றுக்கு அழைக்கப்படும் கவிஞரிடமும் சிறுகதை ஆசிரியரிடமும் விழாக்குழுவினர் கேட்டு வாங்கும் ஒன்று உண்டு: தம்மைப் பற்றிய சிறு குறிப்பு. ஐம்பது சொற்களுக்கு மிகாமல், படர்க்கையில், வெளிவந்த நூல்களும் எழுத்தின் பாடுபொருளும் விளங்கும்படி எழுதித் தரவேண்டும். அது அழைப்பிதழிலோ விழா மலரிலோ அச்சாகிறது. மேடையில் அறிமுகம் செய்பவர் அதையே வாசிக்கிறார். மறுநாள் நாளேட்டில் அதே வரிகள் வருகின்றன. ஓராண்டு கழித்து நூலின் பின்னட்டைக்கும் அவையே போய்ச் சேர்கின்றன. எழுத்தாளரின் நூல்களைப் படிக்காதவர்கள் அவரைப் பற்றி அறியும் ஒரே செய்தியாகவும் அந்த நான்கு வரிகளே ஆகிவிடுகின்றன. நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். இந்த நான்கு வரிக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. அந்தக் குறையை இங்கே சிறிது தீர்க்க முயல்கிறேன்.

நம் முன்னோர் இதற்கு ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவரின் நன்னூலில் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை எவை என்று எண்ணிச் சொல்லப்பட்டுள்ளது. நூலை ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், அரங்கேறிய களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். இப்பட்டியலை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். ஆசிரியனைப் பற்றி இதில் இருப்பது அவன் பெயர் ஒன்றே. ஏனைய எல்லாம் நூலைப் பற்றியவை. இன்றைய விழாக் குறிப்புகளிலோ விகிதம் தலைகீழாகக் கிடக்கிறது. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகிக்கும் பதவி, பெற்ற விருதுகள் ஆகியவற்றுக்கு மூன்றரை வரி, நூல்களுக்கு அரைவரி.

இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. பாயிரத்தை நூலாசிரியன் தானே பாடிக்கொள்வது முறையன்று. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, தகுதியுள்ள உரைகாரரோ பாடவேண்டும். எத்தனை கலை தெரிந்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறது இலக்கணம். விழாக் குறிப்பின் நகைச்சுவையே இங்குதான் இருக்கிறது. எழுத்தாளர் தாமே எழுதுகிறார். ஆனால் வேறொருவர் எழுதியதைப் போல 'இவர்' என்று எழுதுகிறார். அந்தப் படர்க்கைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு 'தமிழின் தனித்துவமான குரல்' என்று தமக்குத் தாமே மாலை சூட்டிக்கொள்ள எவ்வளவு வசதி!

ஆயினும் நன்னூல் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தன்னைப் பற்றித் தானே சொல்லத் தகும் இடங்கள் நான்கு என்று அது வகுக்கிறது. அரசவைக்கு எழுதும்போதும், அவையில் வாதில் வெல்லும்போதும், எதிரி பழித்துரைக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும் ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். இந்நான்கில் கடைசியாகச் சொன்னது நமக்கு வேண்டியது. விழா அரங்கில் அமர்ந்திருப்பவர்கள் எழுத்தாளரை அறியாதவர்கள். ஆகவே அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது இலக்கணத்துக்கு உட்பட்டதே. ஆனால் அறியாதவனுக்கு அறிவிக்க வேண்டியது செய்தி. 'தனித்துவமான குரல்' என்பதிலிருந்து அறியாதவன் ஒன்றையும் அறிந்துகொள்ள மாட்டான்.

இனி ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொள்வோம். நம் வாசகர் இல்லங்களில் நன்கு தெரிந்த பெயர்: தோப்பில் முகமது மீரான். 2019-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். அவரைப் பற்றி மேடைகளிலும் மலர்களிலும் பல்லாண்டுகளாக வழங்கும் குறிப்பின் சாரம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தவர், சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர், இஸ்லாமிய மக்களின் வாழ்வியலைத் தம் நாவல்களில் பதிவு செய்தவர். இம்மூன்று கூற்றுகளிலும் பொய் என்று ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றிலும் உள்ளே இருக்கவேண்டிய சரக்கு வெளியே நிற்கிறது.

முதல் கூற்றைப் பாருங்கள். 1944-இல் கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று இல்லை. தேங்காய்ப்பட்டணம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. இது வெறும் நில எல்லைச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. மீரான் சிறுவயதில் கற்றது மலையாள வழியில். தமிழ் அவருக்கு வீட்டிலும் தெருவிலும் கடற்கரையிலும் பேசிய மொழி. அவருடைய நாவல்களைப் படிக்கும் தஞ்சை வாசகரோ புதுக்கோட்டை வாசகரோ முதல் பத்துப் பக்கங்களில் திணறுவதற்கும், அத்திணறலைக் கடந்தபின் அந்தப் பேச்சின் சுவையில் மூழ்குவதற்கும் காரணம் இதுவே. மலையாளமும் அரபுச் சொற்களும் கடலோரத் தமிழும் கலந்த நடை அது. 'திருவிதாங்கூரில் பிறந்தவர்' என்று எழுதினால் ஒரே சொல்லில் அந்த நடையின் வரலாறு முழுவதும் வந்துவிடுகிறது. 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று எழுதினால் அஞ்சல் முகவரி மட்டுமே வருகிறது.

(நம் பக்கத்திலும் இந்தப் பிழை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். அதற்கு முன் பிறந்தவர்களையும் 'புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர்' என்றே எழுதிவிடுகிறோம். 1948 வரை இங்கே தனி மன்னராட்சி நடந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் எங்கிருந்து அறிவார்கள்?)

இரண்டாவது கூற்று விருது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இல் அவ்விருது கிடைத்தது. விருதைச் சொல்லி நூலின் பெயரைச் சொல்லாமல் விடும் குறிப்புகளே மிகுதி. விருது எழுத்தாளருக்கு மட்டும் உரியதாகவும் நூல் அதற்கு ஒரு சாக்காகவும் ஆகிவிடுகிறது. அறிமுகம் கேட்ட வாசகர் விழா முடிந்து புத்தகக் கடைக்குப் போய் நின்றால் எந்தப் புத்தகத்தைக் கேட்பார்? குறிப்பை எழுதுகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ளத்தக்க முதற்கேள்வி இது. மீரானின் முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. நூலாக 1988-இல் வெளிவந்தது. ஆனால் நூலாவதற்கு முன்பே அது 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. இந்தச் செய்தியைப் பெரும்பாலான குறிப்புகள் விட்டுவிடுகின்றன. நன்னூலார் கேட்ட 'களம்' என்பது இதுதான். அந்நாவல் முதலில் யார் முன்னால் அரங்கேறியது? பேராசிரியர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் முன்னால் அன்று. மாதந்தோறும் சந்தா கட்டி இதழ் வாங்கிய முஸ்லிம் குடும்பங்களின் திண்ணைகளில். தன் சமுதாயத்து முதலாளியின் கொடுமையைச் சொல்லும் கதையை அச்சமுதாயத்தின் இதழே ஏற்று அச்சிட்டது என்பது நம் இதழியல் வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி. ஒரே ஒரு சொற்றொடரில் அதைச் சொல்லிவிட முடியும்.

மூன்றாவது கூற்றுத்தான் எனக்கு மிகவும் உறுத்துவது. 'இஸ்லாமிய மக்களின் வாழ்வியலைப் பதிவு செய்தவர்.' பாடுபொருளை, அதாவது நுதலிய பொருளை, சொல்லவேண்டிய இடத்தில் நிற்கும் வரி இது. இதில் இருப்பது பொருளின் பெயர் அன்று, சமுதாயத்தின் பெயர். ஒரு முஸ்லிம் எழுத்தாளர் எதை எழுதினாலும் இந்த வரி அவருக்குப் பொருந்தும். ஆகவே இது யாரையும் குறிப்பதில்லை. குறிப்பு வெறுமையானதா என்று கண்டறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. வரியில் உள்ள பெயரை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தாளரின் பெயரை வையுங்கள். அப்போதும் வரி உண்மையாகவே நின்றால் அவ்வரிக்கு வேலை இல்லை என்று பொருள்.

நாவலுக்குள் போய்ப் பார்ப்போம். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊரை ஆட்டிவைப்பவர் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. பள்ளிவாசலிலும் தெருவிலும் தோப்பிலும் அவர் சொல்லே சட்டம். ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குத் தலைவணங்க மறுப்பவன் மஹ்மூது. சுறாப் பீலி வாங்கி விற்கும் ஏழை வியாபாரி. முதலாளி முஸ்லிம், மஹ்மூதும் முஸ்லிம். முதலாளிக்கு அஞ்சி வாய் மூடியிருப்பவர்களும் முஸ்லிம்களே. பள்ளிக்கூடம் வேண்டும் என்பவர்களும் அவர்களே. வேண்டாம் என்பவர்களும் அவர்களே. கதையின் உயிர் இவர்களுக்கு இடையில் நிகழும் மோதலில் இருக்கிறது. 'இஸ்லாமிய மக்களின் வாழ்வியல்' என்ற வரியோ முதலாளியையும் மஹ்மூதையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் படம் பிடித்துவிடுகிறது. நாவல் பிரித்துக் காட்டியதைக் குறிப்பு ஒட்டிவிடுகிறது.

'சாய்வு நாற்காலி'யில் அந்த அதிகாரத்தின் முதுமைக் காலம் வருகிறது. முஸ்தபாக்கண்ணு என்ற மனிதர் முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். வேலை செய்வது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. வயிற்றுக்கோ ருசி குறையக்கூடாது. வீட்டிலுள்ள பழம்பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. இதைப் படிக்கிறபோது முஸ்லிம் அல்லாத வாசகர் ஒருவர், 'எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெரிய வீடு இருந்தது' என்றுதான் சொல்வார். புதுக்கோட்டையிலும் செட்டிநாட்டிலும் அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறது. விற்றுத் தின்று தீர்ந்த பெருவீடுகளுக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. விழாக் குறிப்பு இந்த வாசகரை வாசலிலேயே நிறுத்தி, 'இது இஸ்லாமியர் வாழ்வைச் சொல்வது' என்று அறிவித்து, வந்த வழியே அனுப்பிவிடுகிறது. நம்மவர்களுக்கும் இதனால் தீங்கு உண்டு. நாவலைத் திறப்பதற்கு முன்பே, 'நம்மைப் பற்றி என்ன எழுதிவிட்டான்?' என்ற ஐயத்தோடு கையில் எடுக்கும்படி ஆகிறது. எழுத்தாளரை ஒரு சமுதாயத்தின் பேராளராக நிறுத்திவிட்டால், அவர் எழுதும் ஒவ்வொரு வில்லனும் அச்சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகத் தோன்றுவான். மீரான் மீது வந்த மனத்தாங்கல்கள் சிலவற்றில் அவருடைய பக்கங்களைவிட இத்தகைய அறிமுகங்களுக்கே பொறுப்பு மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எப்படி எழுதுவது? ஐம்பது சொல்லுக்குள் நான் எழுதிப் பார்த்தது இது:

'தோப்பில் முகமது மீரான் (1944–2019): திருவிதாங்கூரின் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் கற்று, கடலோரப் பேச்சுத் தமிழில் நாவல் எழுதியவர். முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்த ஒரு கடலோர கிராமத்தின் கதை (1988), துறைமுகம் (1991), கூனன்தோப்பு (1993), சாய்வு நாற்காலி (1997, சாகித்திய அக்காதெமி விருது) ஆகியவை முக்கிய நாவல்கள். ஊர்ப் பெரியவரின் அதிகாரமும் அது சரியும் விதமுமே இவர் கதைகளின் மையம்.'

இதைவிட நன்றாக எழுத முடியும், ஐயமில்லை. சிறுகதைகள் இதில் விடுபட்டுள்ளன. 'அஞ்சுவண்ணம் தெரு' விடுபட்டுள்ளது. துறைமுகத்தில் மீன் வணிகத்தின் சூதில் சிக்கும் எளியவர்களின் கதை கடைசி வரிக்குள் முழுதாக அடங்கவில்லை என்றும் ஒருவர் குறை சொல்லலாம். ஐம்பது சொல் என்றால் விடுவது என்ற வேலையும் உண்டு. ஆனால் மேற்சொன்ன சோதனையை வையுங்கள்: மீரானின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரை இட்டால் ஒவ்வொரு வரியும் உடைந்துபோகும். ஆண்டுகள் இருப்பதால் எது முன், எது பின் என்று வாசகருக்குத் தெரிகிறது. பத்து ஆண்டுக்குள் நான்கு நாவல்களும் நூலாகிவிட்டன என்பதும், முதல் நூல் வரும்போது ஆசிரியருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது என்பதும் யாரும் சொல்லாமலே விளங்குகிறது. 'பல நூல்களின் ஆசிரியர்' என்ற வரியிலிருந்து இவற்றில் ஒன்றையாவது எடுக்க முடியுமா?

நூற்பட்டியலில் நடக்கும் வேறொரு தில்லுமுல்லையும் இங்கே சொல்லிவிடலாம். 'பதினைந்து நூல்கள்' என்று குறிப்பில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஆறு சொந்த நூல்கள்; மூன்று தொகுத்தவை; இரண்டு அவரே முன்பு வெளியிட்டவற்றின் புதுப்பெயர்ப் பதிப்புகள்; மீதி மொழிபெயர்ப்பாகி வேறு மொழியில் வந்தவை. மொழிபெயர்ப்பைத் தனி நூலாக எண்ணுகிறவர்கள் மொழிபெயர்த்தவரின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. எண்ணிக்கையைவிட இரண்டு தலைப்புகளும் அவற்றின் ஆண்டுகளும் பதிப்பகமும் மிகுதியாகப் பேசும்.

மீரானின் குறிப்பில் சமுதாயம் பாடுபொருளை விழுங்கியது. சில எழுத்தாளர்களின் குறிப்பில் சொந்த வாழ்க்கை அதை விழுங்கிவிடுகிறது. பெண் எழுத்தாளர்களுக்கு இது மிகுதி. நமக்கு அண்மையில் உள்ள துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது, வீட்டுக்குள் இருந்துகொண்டு மறைவாகக் கவிதை எழுதியது, புனைபெயரில் வெளியிட்டது, பின்னர் 2001-இல் பேரூராட்சித் தலைவரானது, 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானது என்று அவருடைய வாழ்க்கையே ஒரு நாவல் போல இருக்கிறது. இந்தியாவிலும் வெளிநாட்டிலும் விழா அமைப்பாளர்களுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. அதனால் பல குறிப்புகளில் முதல் மூன்று வரி அதற்கே போய்விடுகிறது. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000), 'பச்சை தேவதை' (2003) என்னும் கவிதைத் தொகுதிகளும், 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) என்னும் நாவலும் கடைசி வரியில் இடம் கிடைத்தால் உண்டு.

இதனால் விளைவது என்ன? நாவலைக் கையில் எடுப்பவர் அதைச் சல்மாவின் தன்வரலாறாகப் படிக்கிறார். உண்மையில் அந்நாவல் ஒரே ஊரில், உறவால் பின்னிக் கிடக்கும் பல பெண்களின் கதை. ராபியா என்ற சிறுமியின் கண்ணும் அதில் இருக்கிறது. திருமணமாகிப் பல்லாண்டு கழிந்த பெண்களின் கண்களும் இருக்கின்றன. அவர்களுக்குள் ஒத்த கருத்தும் இல்லை. ஒருத்திக்கு இழைக்கப்படும் அநீதியில் இன்னொருத்தியே துணைநிற்கிறாள். அந்த இரக்கமற்ற நடுநிலைதான் நாவலாசிரியரின் சாதனை. தன்வரலாறு என்று படித்தால் அது கண்ணில் படாது. நாவலில் உள்ளவற்றோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். நம் வாசகர்களில் மாறுபடுகிறவர்கள் பலர் என்பதை நான் அறிவேன். ஆனால் மாறுபாடும் நூலோடு இருக்கவேண்டும். குறிப்பைப் படித்துவிட்டுக் குறிப்போடு சண்டையிடுவதும், குறிப்பைப் படித்துவிட்டுக் குறிப்பைப் பாராட்டுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். வங்கனாரின் பாடலில் ஒரு பரத்தை பேசுகிறாள் என்பதால் வங்கனாரின் இல்லறத்தை நாம் ஆராயப் புகுவதில்லை. பாட்டின் கீழே கூற்று யாருடையது என்று எழுதிவைத்த பழைய உரைகாரர்கள் நமக்கு அந்தத் தெளிவைத் தந்தார்கள். பேசுபவர் வேறு, எழுதியவர் வேறு என்னும் அத்தெளிவை இன்றைய அழைப்பிதழ்கள் தொலைத்துவிட்டன.

கவிஞர்களின் குறிப்பில் வேறொன்று தொலைந்துபோகிறது: யாப்பு. கவிக்கோ அப்துல் ரகுமானை மேடைகளில் எத்தனையோ அடைமொழிகளோடு அழைத்திருக்கிறார்கள். அடைமொழிகளைப் படித்து முடித்தபின் அவர் எதில் எழுதினார் என்று தெரிந்துகொண்டவர் எத்தனை பேர்? மதுரையில் 1937-இல் பிறந்து வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், 1974-இல் 'பால்வீதி' தொகுப்பின் வழி படிமங்களை மையமாகக் கொண்ட புதுக்கவிதையைக் கொண்டுவந்தார். உருதுவிலும் பாரசீகத்திலும் வேரூன்றிய கஸல் வடிவத்தைத் தமிழுக்கு ஏற்ப அமைத்து 'மின்மினிகளால் ஒரு கடிதம்' எழுதினார். 'ஆலாபனை' 1999-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. ஒரு கவிஞர் காதலை எழுதினார், சமூகத்தை எழுதினார் என்பதில் செய்தி இல்லை. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். காதலைக் கஸலில் எழுதினார் என்பதில் செய்தி இருக்கிறது.

பெரியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. ஆலங்குடி வட்டத்தில் ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்ட இளைஞர் ஒருவர் விழாவுக்கு அழைக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் விருது இல்லை, பதவி இல்லை, பட்டியல் இல்லை. இந்த வெற்றிடத்தைக் கண்டு அஞ்சி அவர், 'மண்ணின் மைந்தர்களின் வலிகளையும் விளிம்புநிலை மக்களின் கண்ணீரையும் உரத்த குரலில் பேசும் படைப்பாளி' என்று எழுதித் தருவார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அவர் பார்த்த குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஆனால் அவருடைய தொகுப்பைத் திறந்தால், 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவுக்குப் பின் கீரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் சாய்ந்து கிடந்த தென்னையும் பலாவும் இருக்கக்கூடும். வட்டிக் கடனை அடைக்கச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் இருக்கக்கூடும். அப்படியானால் எழுதவேண்டியது இவ்வளவே: 'ஆலங்குடியைச் சேர்ந்தவர் (புதுக்கோட்டை மாவட்டம்). இது முதல் தொகுப்பு, பதினோரு கதைகள். கஜா புயலில் தென்னை இழந்த குடும்பங்களில் மரம் நட்டுக் காத்திருந்தவர்களையும், காத்திராமல் கப்பலும் விமானமும் ஏறியவர்களையும் பற்றியவை.' அடைப்புக்குறிக்குள் மாவட்டத்தைச் சேர்த்ததற்குக் காரணம், வங்கனாருக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்துவிடக்கூடாது என்பதே. மேடையில் வாசிப்பவருக்கு இதற்கு அரை நிமிடம் போதும். அதற்குள் பின்வரிசையில் இருக்கும் விவசாயி ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார், தம் தோப்பில் விழுந்த மரங்களின் எண்ணிக்கை அவருக்கு இன்னும் நினைவில் இருக்கும்.